ஏடு கிடைத்த ஊரும் ஏடு பேசும் ஊரும்

அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரத்தின் அருகே பொன்னேரி என்று இன்று வழங்கும் பேரேரி ஒன்று இருக்கிறது. முதலாம் இராசேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம் இதுதான். கங்கைக் கரை வரை சென்ற படைத்தலைவர்கள் அங்கிருந்து நீர் கொண்டுவந்ததும், அதன் நினைவாக அரசன் தன் நாட்டில் இந்த ஏரியை நீரால் ஆன வெற்றித்தூணாக நிறுவியதும் நமக்குத் தெரிந்தவை. இந்தச் செய்தியை நமக்குச் சொன்ன செப்பேடு கங்கைகொண்ட சோழபுரத்தில் கிடைக்கவில்லை. ஏரிக்கு 200 கிலோமீட்டருக்கும் அப்பால், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905-இல் அது கிடைத்தது. அந்தச் செப்பேட்டின் நோக்கமும் ஏரியைப் பற்றிப் பேசுவது அன்று. திருவாலங்காட்டு இறைவனுக்குப் பழையனூர் என்னும் ஊரைக் கொடுத்ததற்கான ஆவணம் அது. ஏரி அதில் வழிப்போக்காக, அரசனைப் புகழும் பாடல்களுக்கு நடுவே வருகிறது.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளில் கோயில் திருப்பணிக்காக மண்ணைத் தோண்டும்போதோ, பழைய வீட்டைப் பிரிக்கும்போதோ, பாட்டன் காலத்துப் பெட்டியைத் திறக்கும்போதோ ஒரு செப்புத் தகடு கையில் வந்தால், வந்த மறுநாளே அதற்கு ஒரு பொருள் பிறந்துவிடுகிறது. ஊர்ப் பெயர் போல ஏதோ தெரிகிறது, எனவே இந்த ஊர் நமக்குத்தான் கொடுக்கப்பட்டது என்பார் ஒருவர். எண் போல ஏதோ தெரிகிறது, எனவே இத்தனை வேலி நிலம் என்பார் இன்னொருவர். திருவாலங்காட்டுச் செப்பேட்டை அறிஞர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதை நிதானமாகப் பார்த்தால், இந்த அவசரம் எங்கெங்கே தடுக்கி விழும் என்பது விளங்கும்.

திருவாலங்காட்டுச் செப்பேட்டில் 31 ஏடுகள் உண்டு. முதற்பகுதி வடமொழிப் பாடல்கள், மொத்தம் 271. கிரந்த எழுத்தில் உள்ளன. அடுத்து வருவது தமிழ்ப் பகுதி. ஊரைக் கொடுத்த ஆணை, அதைக் கணக்கில் ஏற்றிய அதிகாரிகள், எல்லைகள், விலக்கப்பட்ட வரிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஆணை பிறந்தது இராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டில். அவன் அரசேறிய ஆண்டு 1012 என்பதால், 6-ஆம் ஆண்டு ஏறக்குறைய 1018-இல் விழும்.

இங்கேதான் சிக்கல். கங்கைப் படையெடுப்பு நடந்தது 1023 வாக்கில். கடாரத்தின் மேல் கடற்படை சென்றது 1025 வாக்கில். ஆனால் செப்பேட்டின் வடமொழிப் பகுதி இரண்டையும் பாடுகிறது. 1018-ஆம் ஆண்டு ஆணைக்குள் 1025-இல் நடந்த போர் எப்படி நுழைந்தது?

இதற்கு அவசரக்காரர் சொல்லக்கூடிய விடைகள் இரண்டு. ஏடு போலி என்பது ஒன்று. கங்கைப் போர் உண்மையில் 1018-க்கு முன்பே நடந்துவிட்டது, வரலாற்று நூல்கள்தாம் தவறு என்பது மற்றொன்று. தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதி வரிசையில் இந்தச் செப்பேட்டைப் பதிப்பித்த எச். கிருஷ்ண சாஸ்திரி இரண்டையும் சொல்லவில்லை. தமிழ்ப் பகுதியையும் வடமொழிப் பகுதியையும் தனித்தனி ஆவணங்களாக எடுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒப்பிட்டார். கங்கையும் கடாரமும் வடமொழிப் பகுதியில் மட்டுமே வருகின்றன. 6-ஆம் ஆண்டு ஆணையைச் சொல்லும் தமிழ்ப் பகுதியில் அவை இல்லை. ஆகவே ஆணை முதலில் பிறந்தது, வடமொழிப் புகழ்ப்பாடல் சில ஆண்டுகள் கழித்து இயற்றிச் சேர்க்கப்பட்டது என்று முடிவு செய்தார். வரலாற்றறிஞர்கள் இந்த முடிவை ஏற்றுக்கொண்டார்கள்.

ஒரு செப்பேட்டுக்கு ஒரே ஒரு தேதிதான் இருக்கும் என்று நாம் நினைப்பது இன்றைய பத்திரப் பதிவு அலுவலகத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான். சோழர் ஆவணத்தின் பயணமே வேறு. அரசன் வாய்மொழியாக ஆணை தருகிறான். திருமந்திர ஓலை எழுதுபவன் அதை ஓலையில் எழுதுகிறான். மேலதிகாரிகள் அதை ஒப்பிடுகிறார்கள். வரித் திணைக்களத்தார் தங்கள் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். பிறகு அது நாட்டாருக்குத் திருமுகமாகப் போகிறது. அவர்கள் அதிகாரிகளோடு சேர்ந்து பெண் யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, அறவோலை எழுதிக்கொடுக்கிறார்கள். செம்பில் வெட்டுவது இவ்வளவுக்கும் பின்னர். இந்தக் கட்டங்களுக்கு நடுவே மாதங்களோ ஆண்டுகளோ கழியலாம். லைடன் செப்பேடு என்று பெயர் பெற்ற ஆனைமங்கலச் செப்பேட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்த ஆணை முதலாம் இராசராசனின் 21-ஆம் ஆண்டில் பிறந்தது. அதைச் செம்பில் நிலைபெறச் செய்தவன் அவன் மகன் இராசேந்திரன் என்று அந்தச் செப்பேடே சொல்கிறது. கொடுத்தவன் தந்தை, பொறித்தவன் மகன். இதில் ஏதேனும் ஒரு வரியை மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு இரண்டு அரசர்களில் ஒருவர் காணாமல் போய்விடுவார்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வேறொரு சாட்சியும் பின்னால் கிடைத்தது. 1987-இல் விழுப்புரம் மாவட்டத்து எசாலத்தில் செப்புத் திருமேனிகளோடு ஒரு செப்பேடு வெளிப்பட்டது. இராசேந்திரனின் 25-ஆம் ஆண்டைச் சேர்ந்த அதை இரா. நாகசாமி ஆராய்ந்து வெளியிட்டார். எசாலத்துத் திருவிராமேசுவரம் கோயிலுக்கான கொடை அது. அதுவும் இராசேந்திரன் எழுப்பிய புதிய தலைநகரையும் அங்குள்ள பெருங்கோயிலையும் சோழகங்கத்தையும் குறிப்பிடுகிறது. அரியலூர் மாவட்டத்து ஏரி ஒன்றின் வரலாற்றுக்குச் சான்று திருவள்ளூரிலும் விழுப்புரத்திலும் மண்ணுக்கடியில் இருந்தது. அப்படியானால் பெரம்பலூரில் ஒரு வீட்டில் கிடைக்கும் ஏடு பெரம்பலூரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மடங்கள் இடம்பெயர்ந்தன, கோயில் பண்டாரங்கள் படையெடுப்புக்கு அஞ்சி இடம் மாறின, கொடை பெற்றவர்களின் வழித்தோன்றல்கள் பிழைப்புத் தேடி வேறு ஊருக்குப் போனார்கள். ஏடும் கூடவே போயிற்று. அதனால்தான் எங்கே, எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்பதை ஆய்வாளர் முதலில் கேட்கிறார். அந்தத் தகவல் எழுத்துக்குள் இருக்காது. கண்டெடுத்தவர் சொன்னால்தான் உண்டு.

இனி, ஏடு மேசைக்கு வந்ததும் ஆய்வாளர் செய்வது என்ன? அவர் உடனே படிக்கத் தொடங்குவதில்லை. முதலில் வளையத்தைப் பார்க்கிறார்.

சோழர் செப்பேடுகளின் ஒவ்வோர் ஏட்டிலும் ஒரு துளை இருக்கும். எல்லா ஏடுகளையும் ஒரு தடித்த செப்பு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தை அரச முத்திரையால் மூடியிருப்பார்கள். முத்திரையில் அமர்ந்த புலி, இரு கயல், வில், மேலே குடை, பக்கத்தில் கவரிகள், சுற்றிலும் கிரந்த எழுத்தில் ஒரு வாசகம். இராசேந்திரனின் முத்திரை வாசகம், மன்னர்களின் மணிமுடி வரிசை மேல் இந்த ஆணை வீற்றிருப்பதாகச் சொல்லி அவனைப் பரகேசரி என்று பெயர் சுட்டுகிறது. வளையம் வெட்டப்படாமல் இருந்தால், உள்ளே இருக்கும் ஏடுகள் அனைத்தும் அன்று கோத்தவையே என்பதற்கு அதுவே சான்று. வெட்டுப்பட்டிருந்தால் ஏதேனும் ஏடு எடுக்கப்பட்டதா, வேறொரு கொடையின் ஏடு நுழைந்ததா என்ற கேள்வி எழும். அதனால்தான் பழைய பதிப்புகளில், ஏடு தம்மிடம் வந்தபோது வளையம் வெட்டப்பட்டிருந்ததா இல்லையா என்பதை முதற்பத்தியிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். படிக்க வசதியாக இருக்கும் என்று நினைத்து வளையத்தை அறுக்கும் உரிமையாளர், அந்த ஆவணத்தின் ஒரே பூட்டை உடைத்துவிடுகிறார்.

அடுத்து ஏடுகளின் வரிசை. விளிம்பில் பல செப்பேடுகளில் தமிழ் எண்கள் இருக்கும். ஓர் ஏட்டின் கடைசிச் சொல் பாதியில் நின்று அடுத்த ஏட்டில் தொடர்கிறதா என்று பார்ப்பார்கள். ஏடுகளின் நீள அகலம், தடிமன், எடை, எழுத்தைத் தேய்மானத்திலிருந்து காக்க விளிம்பு சற்றுத் தூக்கி அடிக்கப்பட்டிருக்கிறதா, துளை எழுத்தைத் தின்றிருக்கிறதா, பழைய எழுத்தைத் தட்டி அழித்துவிட்டு மேலே புதிதாக வெட்டிய தடம் தெரிகிறதா என்பனவும் குறிக்கப்படும். கடைசிக் கேள்வி முக்கியமானது. செம்பு விலையுள்ள பொருள். ஒரு கொடை செல்லாமற்போனால் அதே தகட்டைத் தட்டிச் சமமாக்கி மறுபடி எழுதியிருக்கிறார்கள். சாய்வாக விழும் வெளிச்சத்தில் அடியிலுள்ள பழைய கீறல்கள் மங்கலாகத் தெரியும்.

தெரிய வேண்டுமானால் தகடு வந்தபடியே இருக்க வேண்டும். புளியும் எலுமிச்சையும் போட்டு விளக்குவது நம் வீடுகளில் செப்புப் பாத்திரத்துக்குச் செய்யும் நல்ல காரியம். செப்பேட்டுக்கு அது கேடு. அமிலம் பச்சைக் களிம்போடு எழுத்தின் கூர்மையான ஓரங்களையும் அரித்துச் செல்லும். தேய்த்த கை அழுந்திய இடத்தில் மெல்லிய கோடுகள் மறையும். அழுத்தமான, பளிங்கு போன்ற கரும்பச்சைப் படலம் பெரும்பாலும் நிலையானது. அது உலோகத்தைக் காக்கவும் செய்கிறது. கவலைக்குரியது வேறு: சிறு சிறு புள்ளிகளாக, தொட்டால் உதிரும் வெளிர்பச்சைத் தூள். உப்பிலிருந்து வந்த குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரக்காற்று படும்போதெல்லாம் உலோகத்தை உள்ளிருந்து தின்னும் நோய் அது. அதைக் கண்டால் செய்ய வேண்டியது உலர்ந்த இடத்தில் வைத்துவிட்டு, வேதியியல் பாதுகாப்பு தெரிந்தவரிடம் சேர்ப்பது மட்டுமே. எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்பையோ பெயின்டையோ பூசுவதும் இதே வகைத் தீங்குதான். பூசியவர் எழுத்தென்று நினைத்த பள்ளம் மட்டும் வெள்ளையாகும். அவர் ஊகம் அடுத்துப் படிப்பவரின் கண்ணையும் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் எழுத்து. இங்கே பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குச் சொல்லத்தக்க ஒரு தொடர்பு உண்டு. அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் 18-ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் வாழ்ந்த வீரமாமுனிவரின் பெயரோடு ஓர் எழுத்துச் சீர்திருத்தம் இணைத்துச் சொல்லப்படுகிறது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் இன்று நாம் காணும் வேறுபாடுதான் அது. அதற்கு முன் ஒற்றைக்கொம்பு ஒன்றே குறிலையும் நெடிலையும் குறித்தது. பழைய இலக்கணம் குறிலுக்குப் புள்ளி வைக்கச் சொன்னாலும், செப்பேடு வெட்டியவர்கள் அதைப் பெரும்பாலும் வைக்கவில்லை. மெய்யெழுத்துக்கும் புள்ளி கிடையாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். ஆகவே ஒரே எழுத்துத்தொடரைக் ‘கொடு’ என்றும் ‘கோடு’ என்றும் படிக்கலாம். எது சரி என்பதை அந்தத் தொடர் முழுவதையும், அதே காலத்து வேறு பத்து ஆவணங்களையும் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

இதே விவரம் எதிர்த்திசையிலும் உதவும். பத்தாம் நூற்றாண்டுச் சோழ அரசன் கொடுத்தது என்று ஒரு தகடு தன்னைச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் அதில் இரட்டைக்கொம்பு முறையாக வருகிறது என்றால், வெட்டிய கை வீரமாமுனிவர் காலத்துக்குப் பிந்தியது. அப்போதும் உடனே போலி என்று ஒதுக்க முடியாது. தேய்ந்துபோன மூல ஏட்டை 18-ஆம் நூற்றாண்டில் நேர்மையாகப் படியெடுத்து வைத்திருக்கலாம். படியா, புனைவா என்பதை அதிலுள்ள ஊர்ப் பெயர்களும் அதிகாரிகளின் பட்டங்களும் வரிப் பெயர்களும் எந்தக் காலத்தவை என்று பார்த்துத்தான் தீர்மானிப்பார்கள். இல்லாத கொடையை இருந்ததாகக் காட்டப் பிற்காலத்தில் எழுதிய ஏடுகள் இந்தியா முழுவதும் உண்டு. ஜே.எஃப். ஃபிளீட் 1901-இலேயே அத்தகைய போலி ஆவணங்களைத் தொகுத்து ஒரு பட்டியல் வெளியிட்டார். போலியும் வரலாற்றுச் சான்றுதான். யார், எப்போது, எந்த நிலத்துக்காக அதை எழுத வேண்டி வந்தது என்பதற்குச் சான்று.

எழுத்தைவிட அதிகமாக ஆளை ஏமாற்றுவது எண். தமிழ் எண்களின் வடிவங்கள் எழுத்துகளைப் போலவே இருக்கும். ௧ என்பது ககரம் போல, ௨ என்பது உகரம் போல, ௭ என்பது எகரம் போல. பத்துக்குத் தனிக்குறி ௰, பூச்சியம் கிடையாது. ௰௫ என்றால் 15. இதைத் தெரியாதவர் எண்ணை ஊர்ப் பெயராகவும், ஊர்ப் பெயரின் முதலெழுத்தை எண்ணாகவும் படித்துவிட வாய்ப்பு நிறைய.

பின்னங்கள் இன்னும் கடினம். நில அளவு வேலியில் தொடங்கும். வேலியின் இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதற்குக் கீழேயும் அளக்க வேண்டியிருந்தால், முந்திரியையே ஒன்றாக வைத்துக்கொண்டு மறுபடி அரை, கால், மா, காணி என்று பிரிப்பார்கள். அந்த இரண்டாம் வரிசை தொடங்குவதைக் காட்ட ‘கீழ்’ என்ற சொல்லைப் போடுவார்கள்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஏட்டில் ‘நிலம் இரண்டே காலே கீழ் அரை’ என்று இருக்கிறது என்று கொள்வோம். ‘இரண்டே கால்’ என்பது இரண்டேகால் வேலி. ‘கீழ் அரை’ என்பது முந்நூற்றிருபதில் ஒன்றின் பாதி, அதாவது வேலியில் 640-இல் ஒரு பங்கு. வீட்டில் உட்கார்ந்து படிப்பவர் ‘கீழ்’ என்பதற்குக் கிழக்கு என்று பொருள்கொள்வார். எல்லை சொல்லும் வரிகளில் அந்தச் சொல்லுக்கு அதே பொருள்தானே இருக்கிறது என்று நியாயமும் சொல்வார். அவர் கணக்கில் இரண்டேகால் வேலியும், கிழக்கே ஓர் அரை வேலியும் சேர்ந்து இரண்டே முக்கால் வேலி ஆகிவிடும். உண்மையான அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் ஏறத்தாழ பத்து மா. அடுத்த வயல்காரர் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா?

வேலியைச் சரியாகப் படித்தாலும் அதை இன்றைய ஏக்கராக மாற்றுவது தனி வேலை. காவிரிப் பகுதியில் ஒரு வேலி ஏறக்குறைய ஆறேமுக்கால் ஏக்கர் என்று பெரியவர்கள் சொல்வது பிற்கால வழக்கு. சோழர் காலத்தில் அளந்த கோல் இடத்துக்கு இடம் வேறுபட்டது. பன்னிரு சாண் கோலும் பதினாறு சாண் கோலும் ஆவணங்களில் வருகின்றன. கோலின் நீளம் தெரியாமல் பரப்பு தெரியாது.

அரசனின் பெயரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறித் தரித்தார்கள். ‘கோப்பரகேசரி’ என்று மட்டும் வந்தால் அது முதலாம் பராந்தகனாகவும் இருக்கலாம், உத்தம சோழனாகவும் இருக்கலாம், முதலாம் இராசேந்திரனாகவும் இருக்கலாம். அரியலூரை அடுத்த கீழப்பழுவூர், மேலப்பழுவூர், கீழையூர்க் கோயில்களின் கல்வெட்டுகளில் இந்தத் தொல்லை உண்டு. அங்கே உதவிக்கு வருவது கூடவே குறிக்கப்படும் பழுவேட்டரையரின் பெயர். கண்டன் மறவன் போன்ற ஒரு பெயர் வேறொரு கல்லில், ஐயமில்லாத ஓர் அரசனோடு சேர்ந்து வந்தால், இந்தக் கல்லின் காலமும் அதை ஒட்டித் தெளிவாகிறது. தனி ஏடு ஒன்றை வைத்துக்கொண்டு இதைச் செய்யவே முடியாது. ஆய்வாளர் படிப்பது ஓர் ஏட்டையல்ல, சுற்றுப்பட்டிலுள்ள அத்தனை கல்லையும் சேர்த்துத்தான்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் சோழர் ஏட்டைவிடப் பிற்கால ஏடுகளே தனியார் வீடுகளில் கிடைக்கக் கூடியவை. அரியலூர் மழவராயர்களும் உடையார்பாளையத்துக் குறுநிலத் தலைவர்களும் ஆண்ட பகுதி இது. நாயக்கர், பாளையக்காரர் காலத்து ஏடுகள் பெரும்பாலும் ஒற்றைத் தகடு. பேச்சுத் தமிழ் கலந்தவை. படிக்க எளிதாகத் தோன்றுபவை. அந்த எளிமைதான் ஆபத்து. இவற்றில் ஆட்சியாண்டுக்குப் பதிலாகச் சகாப்தம், தமிழ் ஆண்டின் பெயர், மாதம், தேதி, கிழமை, திதி, நட்சத்திரம் என்று பலவும் குறிக்கப்பட்டிருக்கும். இத்தனை விவரம் இருப்பது ஆய்வாளருக்கு நல்லது, ஏனென்றால் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சோதிக்கலாம். சகாப்தம் 1685 என்றால் 78 கூட்டி 1763. அந்த ஆண்டு சித்திரையில் பிறந்த தமிழ் ஆண்டு சுபானு. ஏட்டிலும் சுபானு என்று இருந்தால் முதற்படி தேறியது. சகாப்தம் நடப்பாண்டா, கழிந்த ஆண்டா என்பதால் ஓராண்டு முன்பின் இருந்தால் பொறுக்கலாம். ஆனால் 1685 என்று எழுதிவிட்டுப் பிரபவ ஆண்டு என்று இருந்தால் பதினாறு ஆண்டு இடறுகிறது. அப்போது கிழமையையும் நட்சத்திரத்தையும் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை தொகுத்த பஞ்சாங்க அட்டவணைகளில் வைத்துப் பார்ப்பார்கள். எல்லாமே பொருந்தாமல் போனால், எழுதியவர் தான் வாழாத ஒரு காலத்தின் தேதியைச் சொந்தமாகக் கட்டியிருக்கிறார் என்ற ஐயம் வலுக்கும்.

ஏடு உண்மையானது, சரியாகவும் படித்தாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், வைத்திருப்பவர் எதிர்பார்க்கும் பொருள் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. அரியலூர் மாவட்டத்துக் காமரசவல்லியில் இராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, சாக்கை மாராயன் விக்கிரமசோழன் என்பவனுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. மார்கழித் திருவாதிரையிலும் வைகாசித் திருவாதிரையிலும் கோயிலில் மும்முறை சாக்கைக் கூத்து ஆட வேண்டும், அதற்காக நிலம். ‘இன்னாருக்கு நிலம் கொடுத்தோம்’ என்ற வரியை மட்டும் பிய்த்து எடுத்தால் அது அந்தக் குடும்பத்தின் சொத்து போலத் தெரியும். முழுவதும் படித்தால், கூத்து என்னும் பணியோடு கட்டப்பட்ட காணி அது என்பது புரியும்.

கோயில் கொடைகள் பலவற்றின் இயல்பு இதுதான். கொடுக்கப்பட்டது மண்ணா, மண்ணிலிருந்து அரசுக்குச் சேர வேண்டிய வரியா என்பதே முதற்கேள்வி. பழையனூர் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். பிரமதேயமாக இருந்த ஊரை வெள்ளான் வகையாக மாற்றி, பிறகு கோயிலுக்குத் தேவதானமாகக் கொடுத்தார்கள். ஊரில் உழுதவர்கள் ஒரே நாளில் வெளியேறிவிடவில்லை; யாருக்கு என்ன செலுத்துவது என்பதுதான் மாறியது. உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த நிலம் என்பது போன்ற தொடர்கள் பல செப்பேடுகளில் வரும். மேடும் பள்ளமும் நன்செயும் தரிசும் எதுவும் விடாமல் முழுவதும் என்று சொல்லும் வாய்பாடு அது. அந்த இடத்தில் உடும்பையும் ஆமையையும் புதையலுக்கான அடையாளமாக எடுத்துக்கொண்டு தோண்டத் தொடங்குபவர், ஆவணத்தையும் இழக்கிறார், இடத்தையும் கெடுக்கிறார்.

இன்றைய உரிமைக்கும் அந்த ஏட்டுக்கும் நடுவே நெடிய சட்ட வரலாறு கிடக்கிறது. சென்னை மாகாண இனாம் ஆணையம் 1858 முதல் பழைய கொடைகளை ஒவ்வொன்றாக விசாரித்துப் பதிவேடு எழுதியது. 1948-இன் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1963-இன் சட்டங்கள் இனாம்களை ரயத்துவாரியாக மாற்றின. இன்று ஒரு வயலின் உரிமையைப் பேசுபவை அந்தப் பதிவேடுகளும் பட்டாவும்தான். செப்பேட்டைக் காட்டி வேலி போடுபவர் வழக்கில் தோற்பதோடு, கோயில் நிலமாக இருந்தால் அறநிலையத் துறையின் நடவடிக்கைக்கும் ஆளாவார்.

தகடு எல்லாம் நிலக்கொடைதான் என்ற எண்ணமும் சரியில்லை. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காகத் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளோடு நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளிப்பட்டன. அவற்றில் இருந்தவை தேவாரப் பதிகங்கள். அதற்கு முன் 2010-இல் மயிலாடுதுறையை அடுத்த திருஇந்தளூரில் திருப்பணியின்போது கிடைத்த 85 ஏடுகளோ சோழர் கொடை ஆவணம். இரண்டும் கோயில் மண்ணில் கிடைத்த செம்புதான். திறந்து படிக்கும்வரை எது எதுவென்று சொல்ல முடியாது.

மண்ணில் கிடைத்தால் அதை வீட்டுக்கு எடுத்துப்போகும் உரிமை யாருக்கும் இல்லை. 1878-இன் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் நிலத்தில் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் செய்தி மேலே போகும். தலைமுறை தலைமுறையாக வீட்டில் இருந்த ஏட்டின் நிலை வேறு. ஆனாலும் நூறாண்டு கடந்த பொறிப்பு 1972-இன் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். அதை விற்பதற்கும் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. படிக்கக் கொடுப்பதால் ஏடு பறிபோய்விடும் என்று அஞ்சிப் பலர் மறைத்து வைக்கிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஆய்வாளருக்குத் தேவை பெரும்பாலும் ஏட்டின் மேல் மையிட்டு எடுக்கும் படியும், பல கோணத்தில் வெளிச்சம் விழச்செய்து எடுக்கும் படங்களும், எடையும் அளவும்தான். வீட்டிலேயே இருந்த ஏட்டைப் படித்துவிட்டு உரியவரிடமே திருப்பித் தந்த நிகழ்வுகள் கல்வெட்டியலில் புதிதல்ல.

தமிழ்நாடு தொல்லியல் துறைக்கோ, மைசூரிலும் சென்னையிலும் அலுவலகம் கொண்ட மத்தியக் கல்வெட்டுப் பிரிவுக்கோ எழுதும்போது, உரிமையாளர் ஏட்டின் பொருளைச் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை ஏடுகள், வளையம் இருக்கிறதா, அறுபட்டிருந்தால் எப்போது அறுபட்டது, முத்திரையில் என்ன உருவங்கள், நீளமும் அகலமும் எடையும் எவ்வளவு, எங்கே எப்படிக் கிடைத்தது அல்லது யார் வழியாக வந்தது, இதற்கு முன் யாராவது துலக்கினார்களா, பூசினார்களா என்பவற்றை எழுத வேண்டும். ஒவ்வோர் ஏட்டின் இரு பக்கத்தையும், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி படம் எடுத்து அனுப்ப வேண்டும். குடும்பத்தில் அந்த ஏட்டைப் பற்றி வழங்கும் கதை இருந்தால் அதையும் தனித்தாளில், கதை என்றே குறிப்பிட்டு எழுதி வைக்கலாம். ஆய்வாளர் ஏட்டைப் படித்து முடித்த பிறகு அந்தத் தாளைப் பிரிப்பார்.